30 படங்களில் எது ஷார்ப்?

வேடந்தாங்கல் ஏரியில், நீருக்குள் நிற்கும் மரங்களின் மேல் ஒரு கூழைக்கடா வந்து இறங்க மூன்று நொடி போதும். கரையில் கேமராவோடு நிற்பவர் அந்த மூன்று நொடியும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதில்லை. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா என்றால், ஒரே பறவையின் ஒரே இறக்கத்துக்கு 30 படங்கள் சேர்ந்துவிடும். புகைப்படக்காரர்கள் இந்த வரிசையைத்தான் 'பர்ஸ்ட்' என்கிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதக் காலை ஒன்றில் இப்படி 2000 படங்கள் எடுத்துத் திரும்புவது சாதாரணம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று 25 எம்.பி. என்று வைத்தால்கூட அது 50 ஜி.பி. ஆகிறது.

அந்த 2000 படங்களில் வைத்துக்கொள்ளத் தகுந்தவை ஐம்பதோ அறுபதோ இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒன்றைப் போலவே இருக்கும் முப்பது படங்களை வரிசையாகப் பார்த்தால், பத்தாவது படத்துக்குள் கண் சோர்ந்துவிடும். அதன்பிறகு எல்லாமே ஷார்ப்பாகத் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. இந்த வேலையில் ஒரு பகுதியைக் கணினியிடம் விட்டுவிடலாம். எந்தப் பகுதியை விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில், ஒரே பர்ஸ்டில் கூர்மை ஏன் படத்துக்குப் படம் மாறுகிறது? காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஃபோகஸ். பறவை நம்மை நோக்கி வரும்போது கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தூரத்தைப் புதிதாகக் கணித்து லென்ஸை நகர்த்துகிறது. நடுவில் ஒரு கிளை குறுக்கிட்டால் ஃபோகஸ் கிளைக்குத் தாவும், இரண்டு மூன்று படம் கழித்துத்தான் பறவைக்குத் திரும்பும். மற்றொன்று, அசைவு. கூழைக்கடாவின் விரிந்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ இரண்டேகால், இரண்டரை மீட்டர். அது படத்தில் 2400 பிக்சல் அகலத்துக்கு வந்திருந்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல். பறவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது, கேமரா அதைத் தொடராமல் நிற்கிறது என்று கொள்வோம். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருக்கும் நேரத்தில் பறவை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது 10 பிக்சல் இழுவை. கண்ணின் விளிம்பு கரைந்துபோக அது தாராளம். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் இழுவை குறையும்; ஆனால் கை ஒவ்வொரு கணமும் ஒரே வேகத்தில் திரும்பாது. அதனால் ஏழாவது படம் நன்றாக இருக்கும், எட்டாவது கலங்கியிருக்கும், ஒன்பதாவது மறுபடி தேறிவிடும். எது தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பர்ஸ்ட் எடுப்பதே அதற்காகத்தான்.

கணினி கூர்மையை எப்படி அளக்கிறது? அதற்குப் பறவை என்றால் என்னவென்று தெரியவேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வெளிச்சம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று பார்த்தால் போதும். வெள்ளை அலகு கருநிற நீரைச் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கூர்மையான படத்தில் ஒரு வரிசைப் பிக்சல்களின் அளவு 20, 20, 20, 200, 200, 200 என்று இருக்கலாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே தாவல். கலங்கிய படத்தில் அதே இடம் 20, 20, 80, 140, 200, 200 என்று படிப்படியாக ஏறும். இப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் இடது, வலது அண்டை இரண்டையும் கூட்டி, நடு பிக்சலின் இரண்டு மடங்கைக் கழியுங்கள். கூர்மையான வரிசையில் தாவல் நடக்கும் இடத்தில் 180 என்றும் கழித்தல் 180 என்றும் வரும். கலங்கிய வரிசையில் ஏற்றம் தொடங்கும் இடத்தில் 60, முடியும் இடத்தில் கழித்தல் 60, நடுவில் பூஜ்யம். இந்த எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை வர்க்கம் எடுத்து அளந்தால், மூன்று மடங்கு வித்தியாசம் ஒன்பது மடங்காகிவிடுகிறது. கண்ணுக்கு லேசாகத் தெரியும் கலக்கம் எண்ணில் இப்படிப் பெரிதாகத் தெரிவதுதான் இந்த முறையின் பலம்.

இந்தக் கழித்தலுக்கு, பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் பெயரால் 'லாப்லாசியன்' என்று பெயர். அதன் சிதறலைக் கூர்மையின் அளவாகக் கொள்ளும் முறையை 2000ஆம் ஆண்டில் பார்சிலோனாவில் நடந்த ஒரு கருத்தரங்கில் பெக்-பச்சேகோவும் அவருடன் உழைத்த ஆய்வாளர்களும் எழுதிவைத்தார்கள். அவர்கள் பறவைகளைப் படமெடுக்கவில்லை. டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, எந்தத் தூரத்தில் வைத்தால் உருவம் தெளிவாக இருக்கும் என்பதைக் கருவியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புகைப்படத் துறையில் இந்த யோசனை அதற்கும் முந்தியது: 1990களின் இறுதியில் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் கேமராக்களில் 'பெஸ்ட் ஷாட் செலக்டர்' என்றொரு வசதி இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் பத்துப் படம் வரை எடுத்து, அதிக நுணுக்கம் உள்ள ஒன்றை மட்டும் அட்டையில் பதியும். மற்ற ஒன்பதையும் அது தூக்கி எறிந்துவிடும். அந்த எறிதல் எனக்கு ஒப்புதல் இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த அளவை நீங்களே எடுக்க, பைத்தானும் ஓபன்சிவி என்ற இலவச நூலகமும் இருந்தால் போதும். கணக்கு முழுவதும் இவ்வளவுதான்:

```python
import cv2

def koormai(path):
    img = cv2.imread(path, cv2.IMREAD_GRAYSCALE)
    h, w = img.shape
    img = img[h//4:3*h//4, w//4:3*w//4]
    img = cv2.GaussianBlur(img, (3, 3), 0)
    return cv2.Laplacian(img, cv2.CV_64F).var()
```

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நடுப்பகுதியை வெட்டி எடுத்து, லேசாக வழவழப்பாக்கி, லாப்லாசியனின் சிதறலைத் திருப்பித் தருகிறது. தமிழர்களுக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். விண்டோஸில் `cv2.imread` தமிழ் எழுத்து உள்ள பாதையைப் பெரும்பாலும் திறப்பதில்லை. ஃபோல்டருக்கு 'வேடந்தாங்கல்' என்று பெயர் வைத்திருந்தால், படம் இருந்தும் வெறும் `None` வரும், அடுத்த வரியில் நிரல் விழுந்துவிடும். வேலை முடியும்வரை ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த நிரல் ஜேபெக் படங்களுக்கானது. ரா மட்டும் எடுப்பவர்கள், ரா கோப்புக்குள் கேமராவே பதித்துவைக்கும் ஜேபெக்கை `exiftool` கொண்டு வெளியே எடுத்து அளக்கலாம். ஆனால் சில கேமராக்கள் உள்ளே வைக்கும் அந்த ஜேபெக் இரண்டு மெகாபிக்சல்கூட இருக்காது. அவ்வளவு சுருங்கிய படத்தில் 10 பிக்சல் இழுவையும் மூன்றுக்குள் அடங்கிவிடும், நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும்.

நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுணுக்கம் அதிகமுள்ள கட்டத்துக்கு அதிக இடம் செலவிடுகிறது. கலங்கிய கட்டம் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். ஆகவே ஒரே பர்ஸ்டில், ஒரே தர அமைப்பில் எடுத்த ஜேபெக் படங்களைக் கோப்பின் அளவுப்படி வரிசைப்படுத்தினால், மேலே நிற்பவை பெரும்பாலும் கூர்மையானவையே. இந்தக் குறுக்குவழிக்கும் லாப்லாசியனுக்கும் பலவீனங்கள் ஒன்றுதான்.

பலவீனத்துக்குப் போகும் முன், ஒரு பர்ஸ்ட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் `DateTimeOriginal` என்ற இடத்தில் எடுத்த நேரம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது முழு நொடி மட்டுமே. நொடியின் பின்னம் `SubSecTimeOriginal` என்ற இன்னோரிடத்தில் இருக்கிறது. நொடிக்கு 10 படம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 0.1 நொடி. விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் அரை நொடிக்கு மேல் இடைவெளி விழும். அரை நொடிக்கு மேல் இடைவெளி வந்தால் புதிய குழு என்று வைத்தால், பெரும்பாலான பர்ஸ்டுகள் சரியாகப் பிரியும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு எடுத்த நேரத்தை வைத்துத் தானாக அடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

சாயங்காலம் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் அடைய வரும்போது இந்த விதி தோற்கும். விரல் பொத்தானிலேயே இருக்கும். முதலில் கூழைக்கடா, விடாமல் அடுத்து ஒரு நத்தைகுத்தி நாரை, அதற்கடுத்து அரிவாள் மூக்கன். நேரத்தின்படி எல்லாம் ஒரே குழுவாகிவிட, 'இதில் ஷார்ப்பான ஒன்றை எடு' என்றால் நாரையும் அரிவாள் மூக்கனும் மொத்தமாக ஒதுக்கப்பட்டுவிடும். ஒரு குழுவில் வழக்கத்துக்கு மீறி 60, 80 படங்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். சிறு படங்களாக விரித்து வைத்து, காட்சி மாறும் இடத்தில் கையாலேயே வெட்டிவிடுங்கள்.

இனி அந்தக் கூழைக்கடாவின் 30 படங்களுக்கு வருவோம். முதல் பத்துப் படங்களில் பறவை தூரத்தில் வருகிறது. பின்னால் வெளுத்த வானம். அடுத்த பன்னிரண்டில் சிறகை விரித்து, காலை முன்னால் நீட்டி, வேகத்தைக் குறைக்கிறது. கடைசி எட்டில் கிளையில் அமர்ந்து சிறகை மடக்குகிறது. நிரலை ஓட்டினால் மிக உயர்ந்த எண்கள் அநேகமாகக் கடைசி எட்டுப் படங்களுக்கே போகும். அவை ஷார்ப்பாக இருப்பது மட்டும் காரணமில்லை. பறவை பக்கத்தில் வந்துவிட்டதால் சட்டத்தில் பெரிதாகிவிட்டது, இறகுகள் அதிகம் தெரிகின்றன, பின்னணியில் வானம் போய் இலையும் கிளையும் கூடும் வந்துவிட்டன. எல்லாமே விளிம்புகள், எல்லா விளிம்பும் எண்ணைக் கூட்டும். வெறும் வானத்துக்கு எதிரே பறந்த நான்காவது படம் கண்ணின் வட்டம் வரை தெளிவாக இருந்தாலும் அதன் எண் பாதிகூட வராது.

இன்னொன்றும் நடக்கும். பதினைந்தாவது படத்தில் ஃபோகஸ் முன்கிளைக்குத் தாவியிருக்கலாம். இலைகள் கத்திபோலத் தெளிவு, பறவை கலங்கல். கணினிக்கு இலையும் கண்ணும் ஒன்றுதான். அது 15ஆம் படத்தை முதலிடத்தில் வைக்கும்.

இருட்டிய நேரத்தில் மூன்றாவது சிக்கல் வரும். ஐ.எஸ்.ஓ. 6400க்கு ஏறினால் படம் முழுவதும் நாய்ஸ் பொடி தூவியதுபோல் பரவும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னத் தாவல், எண் ஏறும். நிரலில் லாப்லாசியனுக்கு முன் லேசான வழவழப்பு சேர்த்திருப்பது இதற்காகத்தான்.

இவற்றிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒரு பர்ஸ்டின் எண்ணை இன்னொரு பர்ஸ்டின் எண்ணோடு ஒருபோதும் ஒப்பிடக்கூடாது. இணையப் பாடங்களில் '100க்குக் கீழே வந்தால் கலங்கிய படம்' என்ற வரையறையை அடிக்கடி பார்க்கலாம். வானத்துக்கு எதிரே பறக்கும் பறவைக்கு அது பொருந்தவே பொருந்தாது. நல்ல படங்களை எல்லாம் அது குப்பையாக்கிவிடும். இரண்டாவது, ஒரே பர்ஸ்டுக்குள்ளும் காட்சி ஒன்றாக இருக்கும் துண்டுக்குள் மட்டுமே எண்ணை நம்பலாம். நம் 30 படங்களைப் பறத்தல், இறங்குதல், அமர்தல் என்று 10, 12, 8 ஆகப் பிரித்துவிட்டு, துண்டு ஒவ்வொன்றிலும் எண்ணில் முந்தும் மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றைக் கேட்காதீர்கள், மூன்றைக் கேளுங்கள். இலையில் ஃபோகஸ் விழுந்த 15ஆம் படம் அந்த மூன்றில் புகுந்தாலும், நல்ல படத்துக்கு இன்னும் இடமிருக்கும்.

ஆக 30 படம் ஒன்பதாகிறது. இங்கிருந்து மனிதக் கண்ணின் வேலை. ஒவ்வொன்றையும் 100 சதவீதப் பெரிதாக்கத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும்படி திறந்து, பறவையின் கண்ணைப் பாருங்கள். வேறெங்கும் பார்க்க வேண்டாம். கூழைக்கடாவின் கண்மணி விளிம்பு தனியாகத் தெரிகிறதா, கண்ணுக்குள் வானத்தின் ஒளிப்புள்ளி புள்ளியாக இருக்கிறதா? புள்ளி ஒரு பக்கமாகக் கோடாக நீண்டிருந்தால் அசைவு. எல்லாப் பக்கமும் சமமாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறியது. அப்போது முன்கிளையையும் பின்கிளையையும் பாருங்கள், அவற்றில் ஒன்று தெளிவாக இருக்கும். ஃபோகஸ் எங்கே போனது என்பதற்கு அதுவே சாட்சி. கண் தெளிவாக இருந்து சிறகு நுனி மட்டும் கலங்கியிருந்தால் படத்தை விட்டுவிடாதீர்கள். வேகத்தைக் குறைக்கச் சிறகடிக்கும் பறவைக்கு அந்தக் கலங்கல் உயிர் கொடுக்கும். எண்ணில் இரண்டாவதாக வந்தாலும் கால் நீட்டிய நிலை அழகாக அமைந்த படத்தையே நான் எடுப்பேன். கண் போதுமான அளவு தெளிவாக இருந்தால் போதும், உச்சக் கூர்மை தேவையில்லை.

ஒன்பதில் மூன்றையோ நான்கையோ வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கும்போது சில தவறுகள் தவறாமல் நடக்கின்றன. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பவர்கள் ஜேபெக்கை மட்டும் நகர்த்திவிட்டு, ரா கோப்பை அநாதையாக விட்டுவிடுவார்கள். `DSC_4417.NEF`, `DSC_4417.JPG`, அவற்றோடு திருத்தங்களைச் சுமக்கும் `DSC_4417.xmp` இருந்தால் அதுவும், மூன்றும் ஒன்றாகவே போக வேண்டும். கேமராவின் எண் வரிசை 9999க்குப் பிறகு 0001க்குத் திரும்பிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. எல்லாப் பயணங்களின் ஒதுக்கல்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஒருநாள் பழைய `DSC_0312` மேல் புதிய `DSC_0312` ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிடும். ஒவ்வொரு நாளின் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஒதுக்கல் ஃபோல்டர் வைப்பது பாதுகாப்பு. லைட்ரூமில் ஏற்கெனவே சேர்த்த படங்களை வெளியிலிருந்து நகர்த்தினால் அது கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். ஆகவே சேர்ப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், அல்லது லைட்ரூமுக்குள்ளேயே `X` அழுத்தி நிராகரிப்புக் குறி போட்டு வையுங்கள்.

ஒதுக்கச் சொல்கிறேன், அழிக்கச் சொல்லவில்லை. கூல்பிக்ஸின் எறிதல் எனக்கு ஒப்பாததற்குக் காரணம் பறவையின் கால். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். சில பறவைகளின் காலில் உலோக வளையம், சிலவற்றில் வண்ணக் கொடி. பறக்கும்போது பல பறவைகள் காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். மிகவும் ஷார்ப்பான படத்தில் கால் இறகுக்குள் மறைந்திருக்கலாம். இறங்கும்போது காலை நீட்டிய, முகம் கலங்கிய, எண்ணில் 22ஆவதாக வந்த படத்தில்தான் வளையம் தெரியும். வல்லூறு, கழுகு போன்றவற்றை இனம் காணவும் இதே நிலைதான்: வாலின் பட்டைகளும் சிறகின் அடிப்பக்கமும் தெரிவது பெரும்பாலும் அழகில்லாத படத்தில்தான். பெயர் தெரியாத ஒரு பறவையின் படத்தை நண்பர்களிடம் காட்டி இனம் கேட்கும்போது, அவர்கள் முதலில் கேட்பது 'வேற ஆங்கிள் இருக்கா?' என்பதுதான்.

அதனால் ஒதுக்கல் ஃபோல்டரை அந்தப் பருவம் முடியும்வரை, அதாவது மார்ச், ஏப்ரலில் பறவைகள் திரும்பிப் போகும்வரை தொடாதீர்கள். பிறகு அழிக்கும் முன் கால் தெரியும் படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். வளையமோ கொடியோ தெரிந்தால், அதன் நிறம், எந்தக் கால், படித்த எழுத்து எண், இடம், தேதி ஆகியவற்றோடு படத்தைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.